பின்வரிசைக்குத் தேவை உரப்பன்று, காலத்தாழ்வு

கருத்தரங்கக் கூடங்களில் பின்வரிசையினர் “புரியவில்லை” என்றதும் ஒலியளவைக் கூட்டுகிறோம். குறை பல வேளைகளில் அளவில் இல்லை, காலத்தில் உள்ளது.

மேடை ஒலிபெருக்கிக்கு 24 மீட்டர் பின்னால் ஒரு துணை ஒலிபெருக்கி இருப்பதாகக் கொள்வோம். மின்வடம் வழியே அதற்குப் பேச்சு உடனே சென்றுவிடும். மேடையிலிருந்து காற்றுவழி வரும் ஒலி அவ்விடத்தை அடைய ஏறத்தாழ 70 மில்லிநொடி ஆகும். எனவே பின்வரிசையில் ஒவ்வொரு சொல்லும் இருமுறை விழுகிறது. ‘பட்டம்’, ‘பக்கம்’ போன்ற சொற்களில் வல்லினம் வெடிக்குமுன் ஒரு சிறு மௌனம் உண்டு. பிந்திவரும் ஒலி அம்மௌனத்தை நிரப்பிச் சொல்லைக் குழப்புகிறது.

ஹெல்முட் ஹாஸ் 1949-இல் கோட்டிங்கனில் அளித்த முனைவர் பட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டுகிறது. முதல் ஒலியைத் தொடர்ந்து ஏறக்குறைய 30 மில்லிநொடிக்குள் வரும் அதே பேச்சைச் செவி தனியே பிரித்துக் கேட்பதில்லை. முதல் ஒலியின் திசையிலேயே இணைத்துக்கொள்கிறது. பின்வருவது 10 டெசிபல் வரை உரத்திருந்தாலும் பெரும்பாலும் அவ்வாறே.

ஆகவே துணை ஒலிபெருக்கியை 80 முதல் 85 மில்லிநொடி தாழ்த்தவேண்டும். மேடையொலி முந்தித் திசையைத் தரும். துணையொலி பிந்தித் தெளிவைத் தரும். துணையை மிகையாக உரப்பினால் பேச்சு தலைக்குமேலிருந்து வருவதாகத் தோன்றும்.

புதிய கருவி வாங்குமுன், மேடை ஒலிவாங்கியருகே ஒருவரைக் கைதட்டச் செய்து பின்வரிசையில் நின்று கேளுங்கள். இரு தட்டல்கள் கேட்டால், திருத்தவேண்டியது காலத்தாழ்வே.