வாசலில் நிற்பவர் யார் என்பதை அலுவலகமே சொல்லட்டும்

ரிங்லெட் பட்டணத்திலும், ஹாபு முதலிய சுற்றுவட்டாரங்களிலும், தேயிலைத் தோட்ட லயன்களிலும் குடியிருக்கும் அனைவருக்கும் இப்பகுதிக் குடியிருப்பாளர்களாகிய நாங்கள் விடுக்கும் வேண்டுகோள் இது. தெனாகா ஊழியர் என்று சொல்லிக்கொண்டு வீடுகளுக்கு வந்து பணம் கேட்பவர்களைப் பற்றித் தெனாகா நேஷனல் பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்படி யாராவது வந்தால் "அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்" என்பதே வழக்கமான அறிவுரை. அது போதாது. நிறுவனத்தின் உண்மையான அட்டை எப்படி இருக்கும் என்று நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றின் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையை அச்சடிப்பதும், ஒளிரும் பட்டை வைத்த சட்டையைக் கடையில் வாங்குவதும் எவருக்கும் எளிது. வந்தவர் தன் கையிலிருந்து காட்டும் எதுவும் அவருக்குச் சாட்சியாகாது. அவரை அனுப்பிய அலுவலகம் மட்டுமே அதை உறுதிசெய்ய முடியும்.

வந்தவர் சொல்லும் வேலை நம் வீட்டுக்குப் பொருந்துகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். கரண்டு மீட்டர் பெரும்பாலும் வெளிச்சுவரில்தான் இருக்கும். அதன் எண்ணைப் படிக்க ஒரு நிமிடம் போதும், சமையலறைக்குள் வர வேண்டியதில்லை. புதிய ஸ்மார்ட் மீட்டர் கணக்கைத் தானாகவே அனுப்பிவிடும். அதைப் படிக்க வந்ததாக ஒருவர் சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம். பழைய மீட்டரை ஸ்மார்ட் மீட்டராக மாற்றுவதற்குக் கட்டணம் கிடையாது. மீட்டரில் முறைகேடு நடந்ததாக நிறுவனம் கருதினாலும், செலுத்த வேண்டிய தொகை கடிதமாக வரும். வாசலில் நின்று ரொக்கம் கேட்பதும், தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்வதும் எந்த வகையிலும் முறையானதல்ல.

கேஸ் விஷயத்தில்தான் நாம் எளிதில் ஏமாறுகிறோம். நாட்டின் சில நகரங்களில் குழாய் வழியாக வீடுகளுக்கு எரிவாயு போகிறது. நம் மலையில் எல்லாருக்கும் கேஸ் தோம்புதான். ஆகவே "கேஸ் பைப் சோதனைக்கு வந்திருக்கிறோம்" என்பவருக்கு இங்கே சோதிக்கக் குழாயே இல்லை. அப்படி வருபவர் தோம்பின் ஹோஸைத் திருகிப் பார்த்து, கசிகிறது, வெடித்துவிடும் என்று பயமுறுத்துவார். பிறகு பையிலிருந்து புதிய ரெகுலேட்டரையும் ஹோஸையும் எடுத்து மாட்டி, கடை விலையைப்போல் பல மடங்கு கேட்பார். கசிவு இருக்கிறதா என்பதை நாமே பார்த்துவிடலாம். சோப்பு நீரை இணைப்பில் தடவினால், கசியும் இடத்தில் குமிழி எழும். நெருப்பை மட்டும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. ஹோஸ் உண்மையிலேயே பழையதாக இருந்தால், சிரிம் முத்திரை உள்ளதைப் பழக்கமான கடையில் வாங்கிக்கொள்ளலாம். அன்றே, அந்த ஆளிடமே வாங்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

சோதிக்கும் முறை எளியது. கதவைத் திறக்காமல் அவருடைய பெயர், ஊழியர் எண், வந்த காரணம் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெனாகாவாக இருந்தால் 1-300-88-5454 என்ற எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள். தண்ணீர் குழாய் சோதனை என்றால், பகாங் நீர் நிர்வாக நிறுவனத்தின் பில்லில் அச்சிட்ட எண்ணை அழையுங்கள். அவர் தரும் எண்ணுக்கு அழைக்கவே வேண்டாம், ஏனென்றால் அந்தப் பக்கம் பேசுவது அவருடைய கூட்டாளியாக இருக்கலாம். இந்த வேண்டுகோளில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது. தோட்டத்தில் போன் லைன் கிடைக்காத இடங்கள் உண்டு. அங்கே "ஆபீசுக்குப் போய்க் கிராணியைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். உண்மையான ஊழியருக்கு அதில் சிரமம் இருக்காது.

"அரசாங்க ஆளை வெயிலிலும் மழையிலும் நிறுத்தி வைப்பது மரியாதையா?" என்று பெரியவர்கள் கேட்பது நமக்குத் தெரியும். வெளியே எப்போதும் ஒரு நாற்காலி போட்டு வைத்து, ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொடுங்கள். மரியாதைக்கு அது போதும், கதவைத் திறக்க வேண்டியதில்லை. "திருப்பி அனுப்பினால் கரண்டை வெட்டிவிடுவார்களே" என்ற பயமும் உண்டு. கட்டணப் பாக்கிக்காக வெட்டுவதென்றால் முன்கூட்டியே அறிவிப்பு வரும். ஒரு மாதம் மீட்டரைப் படிக்க முடியாமல் போனால் உத்தேசக் கணக்கில் பில் வரும், அடுத்த முறை அது சரிசெய்யப்படும். மீட்டரைச் சோதிக்க நிறுவனத்துக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு என்பதை மறுக்கவில்லை. அதனால்தான் தடுக்கச் சொல்லாமல், உறுதிசெய்துவிட்டு அனுமதிக்கச் சொல்கிறோம்.

பகலில் கொழுந்தெடுக்கவும் வேலைக்கும் போய்விட்டால் வீட்டில் முதியவர்களும் பிள்ளைகளும்தான் இருப்பார்கள். மலாய் சரளமாக வராத பாட்டியிடம் இத்தனை கேள்விகளையும் கேட்கச் சொல்ல முடியாது. அவருக்கு ஒரே வாக்கியத்தைப் பழக்கிவிடுங்கள்: "மகன் வந்த பிறகு வாருங்கள்." தெனாகா எண்ணையும், பக்கத்து வீட்டு எண்ணையும், அவசரத்துக்கு 999-ஐயும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஏற்கெனவே வங்கி வழியாகப் பணம் அனுப்பிவிட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 997-ஐ அழைத்து, ரிங்லெட் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். வந்தவரின் வாகன எண்ணையும் அடையாளத்தையும் அடுத்த லயனுக்கு அன்றே தெரிவியுங்கள், ஏனெனில் அவர் அடுத்துப் போவது அங்கேயாக இருக்கலாம்.