கேள்வி நேரம்: பெரிய மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறுமா?

கேள்வி: எங்கள் கிணற்று மேட்டில் 5 எச்.பி. மோட்டார் பம்பு உள்ளது. மழைக்காலத்தில் நன்றாக இறைக்கிறது. கோடையில் நீர்மட்டம் 28 அடிக்குக் கீழே போனதும் தண்ணீர் வருவதில்லை. கிணற்றில் இன்னும் 12 அடி தண்ணீர் நிற்கிறது. 7.5 எச்.பி. மோட்டார் வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: வாங்க வேண்டாம். 10 எச்.பி. போட்டாலும் இதே நிலைதான். பம்பு தண்ணீரை மேலே இழுப்பதில்லை; உறிஞ்சு குழாயில் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே செய்கிறது. கிணற்று நீரின் மேல் அழுத்தும் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. காற்றால் எவ்வளவு உயரம் தள்ள முடியுமோ அதுதான் எல்லை.

அந்த எல்லையைக் காட்டும் கருவியே பாரமானி. 1640-களில் இத்தாலியரான டாரிசெல்லி, ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசத் தொட்டியில் கவிழ்த்து வைக்கும் முறையைக் கண்டார். பாதரசம் சற்று இறங்கி, சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றுவிட்டது. வெளிக்காற்றின் அழுத்தமே அதைத் தாங்கி நிறுத்தியது. காற்றழுத்தம் கூடினால் பாதரசம் ஏறும், குறைந்தால் இறங்கும்.

பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகவே அதே காற்று, தண்ணீரை 76 × 13.6, அதாவது சுமார் 1,033 செ.மீ. தாங்கும். இது ஏறக்குறைய 34 அடி. ஊட்டி போன்ற உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு. அங்கே பாதரசம் 58 செ.மீ. அளவே நிற்கும், தண்ணீருக்கு 26 அடிதான்.

இந்த 34 அடியும் நமக்குக் கிடைக்காது. ஃபுட் வால்வு, வளைவு, குழாய் உராய்வு ஆகியவை ஒரு பங்கை விழுங்கிவிடும். அழுத்தம் மிகவும் குறைந்தால் பம்புக்குள்ளேயே தண்ணீர் ஆவியாகிக் குமிழி விடும். அப்போது ஜல்லி உருட்டுவது போன்ற சத்தம் கேட்கும், இம்பெல்லர் அரிக்கப்படும். எனவே உறிஞ்சும் உயரம் 20 அடிக்குள் இருப்பது நல்லது.

முதலில் பம்பின் மையத்திலிருந்து நீர்மட்டம் வரை கயிறு விட்டு அளந்து பாருங்கள். நீர்மட்டம் மேலே இருக்கும் மழைக்காலத்திலும் பம்பு திணறினால், உறிஞ்சு குழாய் இணைப்பில் காற்றுக் கசிவோ ஃபுட் வால்வில் பழுதோ இருக்கும். கோடையில் மட்டும் நின்றால் ஆழமே காரணம்.

உங்களுக்கான வழி, பம்பைக் கிணற்றுக்குள் 18 அடி இறக்கி உறுதியான மேடையில் வைப்பது. நீர்மட்டம் 28 அடியில் இருக்கும்போது உறிஞ்சும் உயரம் 10 அடியாகிவிடும். அது 38 அடிக்கு இறங்கினாலும் 20 அடிதான். அங்கிருந்து மேலே தள்ளுவது மோட்டாரின் பலம். அதற்குக் காற்றழுத்த எல்லை கிடையாது. மொத்த உயரம் மாறாததால் பழைய 5 எச்.பி.யே போதும். மழைக்கு முன் பம்பை மேலே ஏற்றிவிடுங்கள். முடியாவிட்டால் நீர்மூழ்கி பம்பு போடலாம். டீசல் இன்ஜினை மட்டும் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. அதன் புகை உள்ளே தேங்கி ஆளைக் கொல்லும்.