கால் பிசகினால் முதலில் யாரிடம் போவது?

திடல் தடப் போட்டிக்கான பயிற்சிகள் தொடங்கிவிட்டால், கணுக்கால் பிசகாத வாரம் ஒன்று பள்ளியில் இருப்பதில்லை. பிள்ளை நொண்டிக்கொண்டு வீடு சேர்ந்ததும் அங்கே ஒரு விவாதம் எழுகிறது. பாட்டி எண்ணெய் தேய்த்து உருவிவிடச் சொல்வார். அப்பா நேராக எலும்பு நிபுணரிடம் போகலாம் என்பார். அக்கம்பக்கத்தில் ஒருவர் இயன்முறை சிகிச்சையாளரைப் பரிந்துரைப்பார். என் கருத்து, பெரும்பாலான கணுக்கால் பிசகுகளுக்கு முதற்கதவு குடும்ப மருத்துவருடையது என்பதே. அதற்கான காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

முதல் நாளில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எலும்பு முறிந்திருக்கிறதா, அல்லது எலும்புகளைப் பிணைக்கும் நார் மட்டும் இழுபட்டதா? வீக்கத்தை வைத்து இதைச் சொல்ல இயலாது. நார் கிழிந்த கால், முறிந்த காலைவிடப் பெரிதாக வீங்குவதும் உண்டு. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் இதற்கென ஒரு விதியை வெளியிட்டனர். கணுக்காலில் வலி இருக்கும்போது, உட்புற அல்லது வெளிப்புறக் கணுக்கால் முண்டின் நுனியிலோ, அதன் பின்விளிம்பில் மேல்நோக்கி 6 சென்டிமீட்டருக்குள்ளோ அழுத்தினால் எலும்பே வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். அடிபட்ட உடனேயும், மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா என்றும் கேட்பார்கள். இவற்றில் ஒன்று ‘ஆம்’ என்றாலும் ஊடுகதிர்ப் படம் தேவை. நொண்டி நடந்தாலும் நடந்ததாகவே கணக்கு. வலி பாதத்தின் நடுப்பகுதியில் என்றால் சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் அடியையும், உட்புற வளைவின் மேலுள்ள எலும்பையும் அழுத்திப் பார்ப்பார்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமும் இவ்விதி சோதிக்கப்பட்டுள்ளது.

இதைச் செய்யக் குடும்ப மருத்துவருக்கு ஐந்து நிமிடம் போதும். அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் கட்டணம். படம் எடுக்கும் கருவி அங்கே இல்லாவிட்டால் கடிதம் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்புவார். அரசாங்க மருத்துவமனையின் எலும்பு நிபுணரையோ, இயன்முறைப் பிரிவையோ காண்பதற்கும் மருத்துவரின் பரிந்துரை வேண்டும். தனியார் நிபுணரிடம் நேராகப் போகலாம். ஆனால் சாதாரணச் சுளுக்குக்கு அறுவை தேவைப்படாது, அவரும் கட்டுப்போட்டு அனுப்பிவிடுவார். (உருவிவிடுவதைப் பற்றி ஒரே வரி: முறிவு இல்லை என்று தெரியும்வரை யாரும் அக்காலைத் தொடாதிருப்பது நல்லது.)

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி நீளந்தாண்டும்போது பாதம் உட்புறமாக மடங்கி விழுந்தாள் என்று வைத்துக்கொள்வோம். திடலிலேயே நொண்டியபடி ஆறேழு அடி நடந்தாள். மருத்துவரிடமும் நடந்து காட்டினாள். முண்டின் எலும்பை அழுத்தியபோது வலியில்லை. அதற்குச் சற்று முன்னும் கீழும் உள்ள மென்பகுதியில்தான் வலி. ஆகவே படம் தேவையில்லை. கட்டுத்துணி, துணியில் சுற்றிய பனிக்கட்டி 10 முதல் 15 நிமிடம், காலை உயர்த்தி வைத்தல், வலி பொறுக்கும் அளவுக்கு நடை. ஐந்தாறு நாளில் மறுபார்வை. வலி முண்டின் எலும்பின் மேலேயே இருந்திருந்தால் கதை வேறு. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனையருகே குருத்தெலும்புத் தட்டு உண்டு. அதில் விழும் விரிசல் படத்தில் தெரியாமலும் போகலாம். எனவே படம் சுத்தமாக இருந்தாலும் மருத்துவர் காலை அசையாமல் கட்டி, ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பார்.

இயன்முறை சிகிச்சையாளரின் முறை இதற்குப் பிறகு வருகிறது. நம்மவர் பெரும்பாலும் தவறவிடுவதும் இதைத்தான். வலி போனதும் குணமாகிவிட்டது என்று எண்ணி மறுவாரமே ஓடவிடுகிறோம். நார் இழுபட்ட மூட்டு தன் நிலையை உணரும் திறனை இழந்திருக்கும். அதனால்தான் அதே கால் மீண்டும் மீண்டும் பிசகுகிறது. ஒற்றைக்காலில் நிற்பது, பிறகு கண்களை மூடி நிற்பது, பிறகு தாவி இறங்குவது எனப் படிப்படியாக அதைப் பழக்குவது அவர் வேலை.

சில காயங்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. கால் கோணலாகத் தெரிந்தாலும், எலும்பு தோலைக் கிழித்திருந்தாலும், விரல்கள் குளிர்ந்து மரத்துப் போனாலும் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுதான். கையூன்றி விழுந்த பிள்ளையின் முழங்கை வீங்கினாலும் அப்படியே. அவ்விடத்து முறிவு இரத்தக் குழாயையும் நரம்பையும் அழுத்தக்கூடும். முழங்காலில் ‘டப்’ என்ற ஒலியோடு சில மணி நேரத்திற்குள் வீக்கம் கண்டால், அன்றே மருத்துவரிடம் காட்டி, எலும்பு நிபுணருக்குக் கடிதம் கேட்டுப் பெறுங்கள்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடிபட்ட உடனே நான்கு அடி நடந்தாளா என்பது மருத்துவருக்குத் தேவையான தகவல். பெற்றோர் அங்கே இல்லை. பார்த்தவர் நாம் மட்டுமே. அழும் பிள்ளையை எழுப்பி நடக்க வைக்க வேண்டாம். தானே எழுந்து நடந்தாளா, தூக்கி வந்தோமா, பாதம் எப்பக்கம் மடங்கியது, மணி என்ன என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பிள்ளையின் பையில் வைத்தனுப்புங்கள்.