புழுவைப் பார்த்ததும் தொட்டியைத் தூக்கி எறியாதீர்கள்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணினாள். "சார், நீங்க சொன்னீங்கன்னு மாடியில உரத்தொட்டி வெச்சேன். திறந்தா ஒரே புழு. மாமியார் அதை எடுத்தாதான் மாடிக்கு வருவேன்னுட்டாங்க. மூட்டை கட்டி குப்பை வண்டியில போட்டுட்டேன்" என்றாள். குரலில் குற்ற உணர்ச்சி. அவள்மேல் தப்பில்லை அம்மா. நான்தான் பாதிப் பாடத்தை மட்டும் நடத்தியிருக்கிறேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எனக்கும் இதே நடந்தது. ரிட்டையர் ஆன வருடம், மாம்பழ சீசன். பழைய பெயிண்ட் வாளியில் தோலையும் காய்கறிக் கழிவையும் அப்படியே கொட்டி மூடி வைத்தேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் புழு ஏறி நிற்கிறது. அழுகின நாற்றம் பக்கத்து வீட்டு ஜன்னல் வரை போய்விட்டது. "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று அந்த அம்மா சொன்னபோது தலை குனிய வேண்டியதாயிற்று. வீட்டுக்காரம்மா பூச்சி ஸ்ப்ரேயை எடுத்து வந்தார். நான் வாங்கி வைத்துவிட்டேன். அந்த மருந்து உரத்தில் கலந்து கடைசியில் கீரைப் பாத்திக்குத்தானே வரும்?

முதலில் புழு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மூடி வைத்த தொட்டிக்குள் ஈ எப்படிப் போயிற்று என்று கேட்கிறோம். பெரும்பாலும் அது சமையலறையிலேயே முட்டையிட்டுவிடுகிறது. மேடைமேல் திறந்து கிடக்கும் தோலில் முட்டை விழும். நம் வெயிலில் ஒரே நாளுக்குள் பொரிந்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் அது ஈயாகிப் பறக்கும். ஆகவே முதல் காவல் சமையலறையில்தான். அங்கே உள்ள டப்பாவுக்கு மூடி வேண்டும், தினமும் காலி செய்ய வேண்டும். இரண்டு நாள் தேக்கி வைத்தால் தொட்டிக்குப் புழுவை நாமே கொண்டு போகிறோம்.

இரண்டாவது, ஈரம். காய்கறிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை மட்டும் கொட்டினால் காற்று புகாமல் கூழாகி நாறும். அந்த நாற்றம்தான் ஈக்கு அழைப்பிதழ். நான் வாளியை ஒரு சாக்கில் கவிழ்த்தேன். ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு கலந்தேன். வாளி அடியிலும் பக்கத்திலும் துளை போட்டு, கொசுவலைத் துண்டை வெளிப்பக்கமாக ஒட்டினேன். திரும்ப நிரப்பி, மேலே இரண்டு அங்குலம் சருகால் மூடினேன். கழிவின் ஒரு துண்டுகூட வெளியே தெரியக் கூடாது. அன்றிலிருந்து தினமும் கழிவு போட்டதும் மேலே சருகு. நாற்றம் இரண்டு மூன்று நாளில் அடங்கியது. புழுக்கள் குறைந்து, இரண்டு வாரத்தில் காணாமல் போயின. அள்ளி வெளியே போட்டவற்றை மைனாக்கள் பார்த்துக்கொண்டன.

ஈரம் சரியா என்று பார்க்க மீட்டர் எல்லாம் வேண்டாம். ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் சருகு போதவில்லை. உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். மீன், கறி, தயிர் சாதம் போன்றவற்றைச் சிறு வாளியில் போடாதீர்கள். பெரிய குவியல் உள்ளே நன்றாகச் சூடேறிப் புழுவைக் கொல்லும். நம் வாளிக்கு அந்தச் சூடு வராது.

எல்லாப் புழுவும் ஒன்றல்ல என்பதையும் பாருங்கள். அரிசி மாதிரி வெள்ளையாக, ஒரு முனை கூராக இருந்தால் வீட்டு ஈயின் புழு. தட்டையாக, பழுப்பு நிறத்தில், வரிவரியாக, முக்கால் அங்குலம் வரை வளர்வது கருப்பு சோல்ஜர் ஈயின் புழு. அது கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். வளர்ந்த ஈ குளவி மாதிரி இருக்கும். கொட்டாது, நம் சாப்பாட்டிலும் உட்காராது. ஆனாலும் நிறைய வந்தால் தொட்டி ஈரமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

கடைசியாக என் மனக்குறை. வீட்டுக்கு வீடு உரத்தொட்டி தருகிறவர்கள் சருகைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அதே தெருவில் காலையில் வேப்பஞ்சருகைக் கூட்டி மூலையில் கொளுத்துகிறார்கள். ஒரு பக்கம் சருகில்லாமல் தொட்டி நாறுகிறது, இன்னொரு பக்கம் சருகு புகையாகிறது. தொட்டியோடு ஒரு சாக்கு சருகும் கொடுத்திருந்தால் என் மாணவி அதை வண்டியில் போட்டிருக்க மாட்டாள்.

அவளுக்கு ஒரு சாக்கு சருகு எடுத்து வைத்திருக்கிறேன். சருகு கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் தென்னை நார்த்தூளோ கிழித்த நியூஸ் பேப்பரோ போடலாம். யார் தொட்டியில் என்ன புழு வந்தது என்று கீழே எழுதுங்கள், படத்தோடு.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் சார்