தவளை நீச்சலுக்கு முதலில் கால், பிறகுதான் கை

கோடை விடுமுறை வந்தால் நீச்சல் முகாம்களில் ஒரே கணக்குதான். 15 நாள் முகாம் என்றால் முதல் 12 நாள் ஃப்ரீஸ்டைல், கடைசி மூன்று நாள் பிரெஸ்ட் ஸ்ட்ரோக். நம் ஊர்க் கிணற்றில் தவளை நீச்சல் என்று சொல்வோமே, அதன் முறைப்படுத்திய வடிவம்தான் இந்த பிரெஸ்ட் ஸ்ட்ரோக். "பையன் ஃப்ரீஸ்டைல் நன்றாக அடிக்கிறான், இது தானாக வந்துவிடும்" என்று பெற்றோரும் நம்புகிறார்கள், பயிற்சியாளர்கள் பலரும் நம்புகிறார்கள். தானாக வராது என்பது என் கட்சி. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: ஃப்ரீஸ்டைல் நன்றாக வந்த குழந்தைக்குத்தான் இது சிரமம்.

உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கோவையில் காலை வேளைகளில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்து வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே 25 மீட்டர் ஃப்ரீஸ்டைல் போகத் தெரிந்தவர்கள். அதனால் இந்தச் சிரமத்தை அருகில் இருந்து பார்க்கும் வாய்ப்பு நிறையக் கிடைக்கிறது.

ஃப்ரீஸ்டைல் அந்தக் குழந்தையின் உடம்புக்கு என்ன பழக்கியிருக்கிறது என்று பாருங்கள். பாதத்தைப் பின்னால் நீட்டி வைக்க வேண்டும். கால்கள் மாறி மாறி, ஓயாமல் அடிக்க வேண்டும். கை இடுப்பைத் தாண்டித் தொடை வரை தள்ள வேண்டும். எதுவும் நிற்கக் கூடாது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் இந்த நான்குமே தலைகீழ். பாதத்தை முழங்காலை நோக்கி மடித்து, விரல்களை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு காலும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். கை தோளுக்கு முன்னாலேயே வேலையை முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் சும்மா நீண்டு சறுக்க வேண்டும். முகத்தை நீருக்குள் வைத்து மூச்சு விடுவதும் மிதப்பதும் மட்டும்தான் பழைய முதலீடு. மற்றதெல்லாம் புதுக் கணக்கு.

ஆகவே நான் கையைத் தொடுவதே இல்லை. முதல் இரண்டு மூன்று வாரம் வெறும் கால்தான்.

குளத்தின் விளிம்பில் உட்கார வைத்துத் தொடங்குவேன். கால் இரண்டும் நீரில் நீட்டியிருக்க, நான்கு சொல்: மடக்கு, திருப்பு, தள்ளு, ஒட்டு. குதிகாலை உட்காரும் இடத்தை நோக்கி இழுப்பது மடக்கு. வாத்து நிற்பதுபோல் பாதத்தை வெளியே திருப்புவது திருப்பு. உள்ளங்காலாலும் பாதத்தின் உள்விளிம்பாலும் நீரை வட்டமாகப் பின்னால் தள்ளி, கடைசியில் இரண்டு காலையும் ஒட்டி நீட்டிவிட வேண்டும். இவற்றில் குழந்தைகள் விழுங்கிவிடுவது இரண்டாவது சொல்லை. மடக்கியவுடன் தள்ளப் போய்விடுவார்கள். பாதம் ஃப்ரீஸ்டைலில் இருந்த மாதிரியே நீண்டிருக்கும். அப்படித் தள்ளினால் நீர் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர, உடம்பு நகராது.

இதைக் கண்டுபிடிக்க என் கையே போதும். குழந்தை சுவரைப் பிடித்துக் குப்புறப் படுத்திருக்க, பின்னால் நின்று என் உள்ளங்கையை அதன் பாதத்துக்குக் கொடுப்பேன். உள்ளங்கால் என் கையில் பதிந்து அழுத்தினால் சரி. புறங்கால் உரசினால் பழைய பழக்கம் போகவில்லை என்று பொருள். முழங்காலை வயிற்றுக்குக் கீழே இழுத்துக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களை மல்லாக்கப் படுத்துக் கிக் அடிக்கச் சொல்வேன். முழங்கால் நீருக்கு மேலே எட்டிப் பார்த்தால் அந்தத் தவறு அவர்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு சிறுமியின் கதையைச் சொல்கிறேன். ஒன்பது வயது. ஃப்ரீஸ்டைல் பார்க்க அழகு. கிக் போர்டைக் கொடுத்து பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கால் மட்டும் அடிக்கச் சொன்னேன். 25 மீட்டருக்கு 31 உதை ஆனது. அதோடு, போர்டு இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி லேன் கயிற்றில் போய் முட்டியது. "சார், போர்டு கோணலா இருக்கு" என்றாள். போர்டில் கோணல் இல்லை. வலது பாதம் சரியாகத் திரும்பித் தள்ளியது. இடது பாதம் நீண்டபடியே சும்மா வந்தது. வலது பக்கம் மட்டும் தள்ளினால் உடம்பு இடது பக்கம்தானே திரும்பும்?

இதைத்தான் கத்தரிக் கால் என்பார்கள். போட்டி விதிப்படி, தள்ளும்போது இரண்டு பாதமும் வெளியே திரும்பியிருக்க வேண்டும். கத்தரிக் கால் அடித்தால் தகுதி நீக்கம். பள்ளிப் போட்டி ஒன்றில் நன்றாக நீந்தி முன்னணியில் வந்த ஒரு பையன் இதற்காகவே நீக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு சரிதான். ஆனால் தான் என்ன தப்பு செய்தோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. மூன்று நாளில் கற்றுக்கொண்ட கால் அது. அதை அதன்பிறகு யாரும் உற்றுப் பார்த்ததில்லை.

சிறுமிக்கு வருவோம். தினமும் நீரில் இறங்கும் முன், விரல்களை வெளியே திருப்பிக் குதிகாலாலேயே குளத்தோரம் கொஞ்ச தூரம் நடக்கச் சொன்னேன், வழுக்காத இடமாகப் பார்த்து. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இடது கால் மட்டும், என் உள்ளங்கையில் பத்து உதை. "என் கையைத் தள்ளிவிடு கண்ணு" என்பேன். அதன்பின் போர்டுடன் பத்து மீட்டர், அதற்கு மேல் இல்லை. களைத்தால் கால் பழையபடி நீண்டுவிடும். தப்பாக அடிக்கும் ஒவ்வொரு உதையும் தப்பைத்தான் பழக்கும். இதையெல்லாம் ஃப்ரீஸ்டைலுக்கு முன்பே முடித்துவிடுவேன். ஃப்ரீஸ்டைல் அடித்து வந்த காலிடம் பாதத்தை மடக்கு என்றால் கேட்காது. மூன்றாவது வாரம் போர்டு நேராகப் போனது. 25 மீட்டருக்கு 19 உதை. அன்றைக்குத்தான் கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

கைக்கு நான் சொல்வது ஒன்றே: "உன் கை எப்பவும் உன் கண்ணுக்குத் தெரியணும்." தோள் அகலத்துக்குச் சற்று வெளியே விரித்து, முழங்கையை மேலே வைத்தபடி நெஞ்சுக்கு முன்னால் கூட்டி, உடனே முன்னால் நீட்டிவிட வேண்டும். ஃப்ரீஸ்டைல் பிள்ளைகள் பழக்கத்தில் இடுப்பு வரை இழுத்துவிடுவார்கள். அப்படி இழுத்த கையைத் திரும்ப முன்னால் கொண்டுவர நீரையே எதிர்த்துத் தள்ள வேண்டும். கிடைத்த வேகம் அதிலேயே போய்விடும்.

அடுத்தது நேரம். கை இழுக்கும்போது கால் நீண்டு சும்மா இருக்க வேண்டும். கை நெஞ்சருகே கூடும்போது தலை எழும், மூச்சு வாங்கும். அப்போதுதான் குதிகால் மேலே வரும். கை முன்னால் நீளும்போது கால் தள்ளும். பிறகு சறுக்கல். ஓயாமல் அடித்தே பழகிய குழந்தை இரண்டையும் ஒன்றாகச் செய்யும். கை இழுத்து முன்னே கொண்டுபோகும் அதே நேரத்தில், மடங்கும் முழங்கால் பிரேக் போடும். உடம்பு இருந்த இடத்திலேயே மேலும் கீழும் எழும்பி விழும்.

இதற்கு நான் தரும் பயிற்சி 'இரண்டு உதை, ஒரு இழுப்பு'. ஒரு இழுப்பு, மூச்சு, ஒரு உதை, சறுக்கல். பிறகு கையை நீட்டியபடியே, முகத்தை நீருக்குள் வைத்தபடியே இன்னொரு உதை, இன்னொரு சறுக்கல். அந்த இரண்டாவது உதைதான் ஆசான். கை நீண்டிருக்கும்போது உதைத்தால் உடம்பு எவ்வளவு தூரம் வழுக்கிப் போகிறது என்பதைக் குழந்தை தானே உணர்ந்துவிடும். ஒரு வாரம் கழித்து அந்த அதிகப்படி உதையை எடுத்துவிட்டு, சறுக்கும்போது மனதுக்குள் 'ஒன்று, இரண்டு' எண்ணச் சொல்வேன். சிறுமி முழு நீச்சலில் முதல் நாள் 25 மீட்டருக்கு 22 சுற்று போட்டாள். இரண்டு வாரத்தில் 15 ஆயிற்று.

கரையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் பார்க்க வேண்டியதும் ஒன்றுதான். கால்கள் இரண்டும் ஒட்டுகிற அந்த நொடியில் கை எங்கே இருக்கிறது? முன்னால் நேராக நீண்டிருந்தால் நேரம் சரி. நெஞ்சுக்குக் கீழே கிடந்தால், எத்தனை வேகமாகக் கைகால் ஆடினாலும் சரியில்லை.

முதல் நாளே கையும் காலும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்துவிட்டால் உடம்பு தானே சரிசெய்துகொள்ளும் என்று வாதிடும் பயிற்சியாளர் நண்பர்கள் எனக்கு உண்டு. எந்த நீச்சலும் தெரியாத குழந்தையிடம் அது பலிக்கலாம். கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி இறங்கிய தலைமுறை அப்படித்தான் கற்றது. ஃப்ரீஸ்டைல் தெரிந்த குழந்தையிடம், சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் ஃப்ரீஸ்டைல் வந்து நிரப்பிவிடுகிறது. அதுதான் வித்தியாசம்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. இரண்டு எண்ணும் சறுக்கல் கற்கும் காலத்துக்கு மட்டும். போட்டிக்குப் போகும்போது, குறிப்பாகக் குறைந்த தூரத்தில், அதைச் சுருக்கத்தான் வேண்டும். சில குழந்தைகளுக்கு இடுப்பும் கணுக்காலும் அவ்வளவு திரும்பாது. அவர்களின் முழங்காலை வற்புறுத்தி அகட்டக் கூடாது. முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் அன்றைக்குக் கிக்கை நிறுத்திவிட வேண்டும். இந்த நீச்சலில் பாரம் விழும் இடம் அதுதான். வலி இல்லாதவர்களுக்கும் 40 நிமிட வகுப்பில் தனிக் கிக் பத்து நிமிடத்துக்கு மேல் நான் வைப்பதில்லை.

ஆகவே முகாம் நடத்துகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். கடைசி மூன்று நாளில் முழு பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கைத் திணிக்காதீர்கள். அந்த மூன்று நாளும் காலை மட்டும் சொல்லிக் கொடுத்து, "மீதி அடுத்த முகாமில்" என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு பாதமும் சரியாகத் திரும்பத் தெரிந்த குழந்தைக்குக் கையை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். கத்தரிக் காலோடு வீட்டுக்குப் போன குழந்தையிடம் அதைப் பிரித்தெடுக்க ஒரு முழுக் கோடை போய்விடுகிறது.