முழுப் பேரும் அரைப் பேரும்

சில மாதங்களுக்கு முன் ஹட்டன் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தாயார் இன்றும் கொழுந்து பறிக்கிறார். தேயிலையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி வெளிநாட்டுத் தமிழர்களுக்கு விற்கும் எண்ணத்தில் இருந்தார். பொட்டலத்தின் மேல் ஒட்டவிருந்த தாளைக் காட்டி, "ஐயா, நீங்க பேப்பர்ல இருந்தவரு. நல்ல பேரா ஒன்னு வச்சுத் தாங்க" என்றார்.

தாளைப் படித்தேன். காலைப் புத்துணர்ச்சி, மாலைக் களைப்பு நீக்கம், உடல் நலம், உயர்ந்த நிறம், மென்மையான சுவை, திடமான சுவை, பாலுக்கும் ஏற்றது, பாலில்லாமலும் ஏற்றது.

"தம்பி, இவ்வளவும் ஒரே பொட்டலத்திலா?"

"எல்லாருக்கும் புடிக்கணும் இல்லீங்களா?"

பெயர் பிறகு வைக்கலாம், முதலில் யாருக்கு, எந்த வேளையில், எதற்காக உங்கள் பொட்டலம் நினைவுக்கு வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள் என்றேன். என் பழைய செய்தி அறையில் எல்லாப் பொருளிலும் எழுதக்கூடிய திறமைசாலிகள் பலர் இருந்தோம். ஆனால், தோட்டச் சம்பளப் பேச்சுவார்த்தை முறிந்தால் நள்ளிரவில் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தது அதை மட்டுமே எழுதிவந்த ஒருவரைத்தான். எங்களுக்கு அதில் சிறிது பொறாமைகூட உண்டு.

அந்த இளைஞருக்குப் பத்திரிகை உதாரணம் தேவையில்லை. அவர் கண் எதிரே இருக்கும் மலைகளே இதை ஒன்றரை நூற்றாண்டாகச் செய்து வருகின்றன. வெளியே "சிலோன் டீ" என்று ஒரே பெயரில் அறியப்படுவது உள்ளே ஒரே பண்டம் அல்ல. 2,000 அடிக்குக் கீழே தெற்கிலும் சப்ரகமுவவிலும் விளைவது கறுத்த, திடமான தேயிலை. நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல் அதுதான். மத்திய கிழக்கு நாடுகளின் வாணிபர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் தேயிலையோ இளம் பொன்னிறம், மெல்லிய மணம். பால் ஊற்றினால் அதன் குணமே மறைந்துவிடும். கறுப்பும் திடமும் வேண்டுபவருக்கு அது வெந்நீராகத் தோன்றும். ஆனால் நல்ல பிளேன்டீ வேண்டுபவருக்கு நுவரெலியாவை விட்டால் வேறு இடம் நினைவுக்கு வராது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் போலி செய்ய முயன்றதில்லை. முயன்றாலும் மண்ணும் குளிரும் இடம் கொடா.

இவற்றுக்கு இடையே ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா அடங்கிய திம்புள்ள மேற்சரிவு இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே பகலில் வறண்ட வெயில், இரவில் கடுங்குளிர். தளிர் மெதுவாக வளர்கிறது, கொழுந்து குறைகிறது, மணம் கூடுகிறது. மலைக்கு மறுபக்கமுள்ள ஊவாவுக்கு அதே வாய்ப்பு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. எனவே கொழும்பில் தேயிலை வாங்குபவரின் மனத்தில் ஒரு நாட்காட்டி இருக்கிறது. எந்த மாதத்தில் எந்தச் சரிவு என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொழும்பு ஏலம் 1883இல் தொடங்கியது; 2020 முதல் இணைய வழியில் நடக்கிறது. அங்கே விற்பனைக்கு வருவது கம்பனியின் பெயரால் அல்ல, ஒவ்வொரு ஸ்டோரின் 'மார்க்'கினால். நுவரெலியாவின் பீட்ரு தோட்டத்துத் தேயிலை 'லவர்ஸ் லீப்' என்னும் மார்க்கில் அறியப்படுவது ஓர் உதாரணம். வாங்குபவர் ஏலத்துக்கு முன்பே மாதிரியை ஊற்றிச் சுவைத்துப் பார்க்கிறார். ஒரே மார்க் வாரம் தவறாமல் ஒரே குணத்தோடு வந்தால், தன் கலவையில் அந்தக் குணம் தேவைப்படும்போது அவர் கை தானாக அந்தப் பெயருக்குப் போகிறது. இந்த வாரம் நல்ல மணம், அடுத்த வாரம் மந்தம் என்றால், மார்க் பட்டியலில் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

மந்தம் எங்கிருந்து வருகிறது? பலர் ஸ்டோரைக் குறை சொல்வார்கள். வாட்டுவது, உருட்டுவது, புளிக்க வைப்பது, உலர்த்துவது என எந்தப் படியிலும் தவறு நேரலாம் என்பது உண்மை. அதிகம் சூடேறினால் கருகிய வாடை வரும், அதிகம் புளித்தால் பளபளப்புப் போகும். ஆனால் இரண்டு இலை ஒரு மொட்டு என்று மென்மையாக வந்த கொழுந்தைக் கெடுக்கத்தான் டீமேக்கரால் முடியும். முற்றிய இலையிலிருந்து நல்ல தேயிலையை உண்டாக்க அவரால் முடியாது. முற்றிய இலை சரியாக உருளாது. நாரும் செதிலுமாகப் பிரியும். வடித்த பின் கிண்ணத்தில் எஞ்சும் சக்கையைப் பார்த்தாலே தெரியும். நன்கு பறித்த இலை செப்பு நிறத்தில் மினுங்கும், முற்றியது பழுப்பாய்ச் சோர்ந்து கிடக்கும்.

ஆகவே ஒரு மார்க்கின் பெயர் மலையில், பறிப்பவரின் விரல் நுனியில் தீர்மானமாகிறது. அந்த விரலுக்குக் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது? நிறையால். 18 கிலோ, சில தோட்டங்களில் அதற்கும் மேல் பறித்தால்தான் ஒரு நாள் 'பேர்'. குறைந்தால் 'அரைப் பேர்', அதாவது பாதிச் சம்பளம். ஒரு கிலோ தேயிலைக்கு நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்னும் கணக்கு எல்லாருக்கும் தெரியும். தராசு தளிரையும் முற்றலையும் பிரித்துப் பார்ப்பதில்லை, முற்றல்தான் கனக்கும். மென்மையான தேயிலைக்குப் பெயர் எடுக்க வேண்டும் என்று நிர்வாகம் பேசுகிறது, தராசோ கனமான இலைக்குப் பேர் போடுகிறது. ஒரு தோட்டம் தன் தனிக்குணம் இன்னதென்று முடிவு செய்யுமானால், முதலில் மாற்ற வேண்டியது விளம்பரத்தையல்ல, தராசடியில் நடக்கும் இந்தக் கணக்கை என்பது என் கருத்து. நல்ல கொழுந்துக்குத் தனி விலை கொடுக்காமல் நல்ல மார்க்கை எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல, வியாபாரமும் அல்ல.

இவ்வளவையும் அந்த இளைஞரோடு பேசிய பின் தாளிலிருந்த எட்டு வரிகளில் ஏழை அடித்தோம். திம்புள்ள மேற்சரிவு, ஜனவரி முதல் மார்ச் வரையான கொழுந்து, பிளேன்டீக்கு. அவ்வளவுதான். ஏலத்தில் நேரே கேட்க அவருக்கு வசதியில்லை. பதிவு பெற்ற ஒருவர் மூலம் சிறு அளவில், ஒரே மார்க்கில் வாங்குவதென்று முடிவு. இதன் சங்கடங்களையும் மறைக்கவில்லை. ஜூன் மாதத்தில் சரக்குத் தீர்ந்து போகலாம். அப்போது வேறு மாதத்துத் தேயிலையை அதே பொட்டலத்தில் போட மனம் தூண்டும். ஒரு முறை போட்டால் அடுத்த ஆண்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள். பாலுக்குத் தேயிலை கேட்பவரிடம் "என்னிடம் இல்லை" என்று சொல்ல வேண்டும். மிஞ்சினாலும் ஆபத்துத்தான்: ஓர் ஆண்டு கடந்தால் எந்த மணமும் மங்கும். முதல் தடவை குறைவாக வாங்குவதே நல்லது என்றேன்.

சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். தாயாரிடம் திட்டத்தைச் சொன்னாராம். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தை மாசியில கொழுந்து கொறைவாத்தானே இருக்கும். அப்ப எங்களுக்கு அரைப் பேர்தானே விழும்?"

சில தோட்டங்களில் அந்த மாதங்களில் கிலோவைக் குறைத்துக்கொள்வார்கள். அவர் தோட்டத்தில் அப்படியில்லை. "என்னங்க ஐயா சொல்றது?" என்று இளைஞர் என்னைக் கேட்டார். என்னிடமும் பதில் இருக்கவில்லை.