தலைகீழா விழுந்த சீட்டும் மூணு கட்சிப் பஞ்சாயத்தும்

டாரட் கத்துக்க ஆரம்பிச்ச எல்லாரும் ரெண்டாவது வாரத்துல வந்து முட்டிக்கிற சுவர் ஒண்ணு இருக்கு. சீட்டைத் திருப்பினா படம் தலைகீழா நிக்கும். அதுக்கு என்ன பலன் சொல்றது? நம்மூர் கிளி ஜோசியக்காரருக்கு இந்தத் தொல்லையே இல்லை. கிளி எப்படிக் கொத்தி எடுத்துப் போட்டாலும், அவர் நேரா பிடிச்சு சாமி படத்தைக் காட்டிட்டுப் பாட்டை ஆரம்பிச்சுடுவார். டாரட்காரங்களுக்குத்தான் இந்தத் தலைவலி.

டாரட் பலிக்குமா பலிக்காதாங்கறது வேற பஞ்சாயத்து, இன்னிக்கு அதுக்குள்ள போகலை. பலிக்கும்னு நம்புறவங்களும், படத்தை வச்சு மனசைக் கிளறிப் பார்க்கிற ஒரு வழின்னு மட்டும் நினைக்கிறவங்களும், இந்தத் தலைகீழ் விஷயத்துல ஒரே இடத்துலதான் வழுக்குறாங்க. அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

இது புதுசா முளைச்ச சங்கதி இல்லை. 1770ல பாரிஸ்ல எட்டெய்லாங்கிற பேர்ல ஒருத்தர், சாதாரண விளையாட்டுச் சீட்டை வச்சுக் குறி பார்க்கிறதுக்கு ஒரு புத்தகம் போட்டார். அதுலயே சீட்டு நேரா விழுந்தா ஒரு பலன், தலைகீழா விழுந்தா வேற பலன்னு எழுதியிருந்தார். இவரோட நிஜப் பேர் அலியெட். அந்தப் பேரை எழுத்து எழுத்தா பின்னாலிருந்து எழுதினா எட்டெய்லா! தன் பேரையே தலைகீழா போட்டுக்கிட்ட மனுஷன் சீட்டை மட்டும் சும்மா விடுவாரா? :-)

சரி, மேட்டருக்கு வருவோம். தலைகீழ் சீட்டைப் படிக்க பல வழி இருக்கு. மேரி கிரீர்ங்கிற அமெரிக்க அம்மா 2002ல தலைகீழ் சீட்டுக்குன்னே தனியா ஒரு புத்தகம் எழுதி, பன்னெண்டு வழி சொல்லியிருக்காங்க. ஆனா ஆரம்பிக்கிறவங்க கையில அகப்படுறது பெரும்பாலும் மூணுதான்.

முதல் கட்சி, எதிர்ப்பதம். நேரா இருந்தா வேகம், தலைகீழா இருந்தா மந்தம். நேரா இருந்தா சந்தோஷம், தலைகீழா இருந்தா வருத்தம். நம்ம ஜோசியத்துல உச்சத்துல இருக்கிற கிரகம் வக்ரமானா நீசன் மாதிரி வேலை செய்யும்னு சொல்றாங்களே, அதே கணக்கு. (வக்ரமானாத்தான் சேஷ்டா பலம் கூடும்னு சொல்ற கட்சியும் அங்க இருக்கு. அந்தச் சண்டையும் இன்னும் தீர்ந்தபாடில்லை.)

ரெண்டாவது கட்சி, அடைப்பு. சீட்டோட அர்த்தம் மாறலை, அதோட வேகம்தான் குறைஞ்சிருக்கு, இல்லேன்னா எங்கேயோ தடைபட்டு நிக்குது. காட்டுமன்னார்கோயில்காரனுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். வீராணத்துல தண்ணி இருக்கு, மதகு திறக்கலை. வயலுக்குத் தண்ணி வரலைங்கிறதால ஏரி வத்திப்போச்சுன்னு அர்த்தம் இல்லையே.

மூணாவது கட்சி, உள்முகம். சீட்டு சொல்ற விஷயம் வெளியில நடக்கலை, ஆளோட மனசுக்குள்ள நடக்குது. சண்டைச் சீட்டு தலைகீழா வந்தா, பக்கத்து வீட்டுக்காரனோட சண்டை இல்லை, தனக்குள்ளேயே போடுற சண்டை.

மூணுமே நல்ல வழிதான். ஆனா மூணையும் ஒரே நேரத்துல கையில வச்சுக்கிட்டா என்ன ஆகும்னு ஒரு உதாரணத்துல பார்ப்போம். நம்ம பக்கம் அடிக்கடி வர்ற கேள்வி ஒண்ணை எடுத்துக்கறேன். "பையனை சிங்கப்பூர் அனுப்பணும், ஏஜெண்டுக்குக் கட்ட நகையை அடகு வைக்கலாமான்னு இருக்கேன் தம்பி, பார்த்துச் சொல்லு"ன்னு ஒரு அக்கா கேட்கறாங்கன்னு வச்சுக்குவோம். மூணு சீட்டு போடறோம். முதல் சீட்டு பயணம், ரெண்டாவது பணம், மூணாவது பலன்.

பயணத்துக்கு வந்தது கோல் எட்டு, தலைகீழ். எட்டு கோல் வானத்துல பறந்துக்கிட்டிருக்கிற படம். நேரா இருந்தா வேகம், சேதி வருது, காரியம் ஓடுதுன்னு அர்த்தம். பணத்துக்கு வந்தது காசு நாலு, நேர். ஒருத்தன் ஒரு காசை நெஞ்சோட அணைச்சு, ரெண்டைக் காலால மிதிச்சு, ஒண்ணைத் தலையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். இருக்கிறதை விடாதேங்கிற சீட்டு. பலனுக்கு வந்தது சூரியன், தலைகீழ். நேரா இருந்தா சந்தோஷம், வெளிச்சம், எல்லாம் தெளிவு.

எதிர்ப்பதமா படிச்சா: காரியம் ஓடாது, போனாலும் சந்தோஷம் இல்லை, பணத்தைக் கையிலேயே வச்சுக்கோ. பதில், வேண்டாம்.

அடைப்பா படிச்சா: பயணம் இருக்கு, ஆனா எங்கேயோ தடைபட்டிருக்கு. பலனும் இருக்கு, நினைச்ச அளவு இல்லை. தடை எதுன்னு தெரியாம பணத்தை விடாதே. பதில், பொறு. ஏஜெண்ட் பதிவு பெற்றவர்தானா, விசா எந்த நிலைமையில இருக்குன்னு விசாரி.

உள்முகமா படிச்சா: அவசரமெல்லாம் அக்கா மனசுக்குள்ள ஓடுது. சந்தோஷமும் வெளியில தெரியலை, அது பையன் மனசுல இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. பதில், முதல்ல பையனைக் கேளு.

வேண்டாம், பொறு, பையனைக் கேளு. மூணு பதிலும் மூணு திசை. ஆனாலும் ஒவ்வொண்ணும் தனக்குள்ள முரண்படலை, அக்காவுக்கு யோசிக்க ஏதோ ஒண்ணு குடுக்குது. அதுவரைக்கும் வம்பில்லை.

இப்போ கலந்து அடிங்க பார்ப்போம். கோல் எட்டை அடைப்பா படிக்கறேன்: கொஞ்சம் லேட்டாகும், ஆனா போயிடுவான். சூரியனை உள்முகமா படிக்கறேன்: வெளியில பெருசா தெரியாட்டியும் உள்ளுக்குள்ள சந்தோஷமா இருப்பான். முடிஞ்சது கதை. அக்கா எதைக் கேட்க வந்தாங்களோ அதையே கேட்டுட்டு நேரா அடகுக் கடைக்குப் போயிடுவாங்க. நடுவுல இருந்த காசு நாலு மட்டும் விடாதே விடாதேன்னு கத்திக்கிட்டிருக்கும், யாரும் காது குடுக்க மாட்டாங்க.

ரெண்டு தலைகீழ் சீட்டு, ஒவ்வொண்ணுக்கும் மூணு வழி. ஆக ஒன்பது பதில் இருக்கு. பத்து சீட்டு போட்டு அதுல அஞ்சு தலைகீழா வந்தா 243 பதில். அத்தனை பதில் கையில இருந்தா, எது வேணுமோ அதை எடுத்துச் சொல்லலாம். அப்போ பலனைச் சொல்றது சீட்டு இல்லை, எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்க முகம். நாம வேணும்னு பொய் சொல்லலை, ஆனா நம்மை அறியாம வாய் அந்தப் பக்கம் சாயும். இதுதான் ஆபத்து.

"புத்தகத்துல இருக்கிறபடி சொல்லிட்டுப் போறேன், எனக்கெதுக்கு கட்சி?"ன்னு கேட்கறவங்களுக்கு ஒரு சேதி. இன்னிக்குப் பரவலா புழங்குற கட்டு, 1909ல லண்டன்ல ரைடர் கம்பெனி வெளியிட்டது. படம் வரைஞ்சவங்க பமீலா கோல்மன் ஸ்மித், போடச் சொன்னவர் வெயிட். அதுக்கு வெயிட் எழுதின விளக்கப் புத்தகத்துல, தலைகீழ் சூரியனுக்கு அதே பலன்தான், கொஞ்சம் குறைச்சலாங்கிறார். இது ரெண்டாவது கட்சி. ஒருத்தன் முதுகுல பத்து வாள் குத்தியிருக்கிற சீட்டு தலைகீழானா லாபம், வெற்றி, ஆனா நிலைக்காதுங்கிறார். இது கிட்டத்தட்ட முதல் கட்சி. கோல் நாலு தலைகீழானா எதுவுமே மாறாதுங்கிறார். இது எந்தக் கட்சியிலயும் இல்லை! ஆக புத்தகத்தை மனப்பாடம் பண்ணினா முறை வராது, 78 தனித்தனிக் குறிப்புதான் வரும்.

அப்போ எதைப் பிடிக்கிறது? என்னைக் கேட்டா அடைப்பு முறை. எதிர்ப்பதத்துல ஒரு சிக்கல் இருக்கு, பல சீட்டுக்கு எதிர்ப்பதமே கிடையாது. விளக்கைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தனியா நிக்கிற துறவிக்கு எதிர்ப்பதம் என்ன? கல்யாண வீட்டுக் கூட்டமா? ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. உள்முகத்துல வேற சிக்கல். மனசுக்குள்ள நடக்குதுன்னு சொல்லிட்டா அது தப்புன்னு எவனாலயும் நிரூபிக்க முடியாது. தப்பே ஆகாத பதிலை வச்சுக்கிட்டுக் கத்துக்க முடியாது. அடைப்பு முறையில நேர் அர்த்தம் மட்டும் தெரிஞ்சா போதும், மேல ஒரே ஒரு கேள்வி: எது தடுக்குது? மோசமான சீட்டு தலைகீழா வந்தாலும் அதே விதிதான். பத்து வாள் தலைகீழா வந்தா வலி இன்னும் முழுசா இறங்கலை, அல்லது குறைஞ்சுக்கிட்டு வருது. இந்த ரெண்டுல எதுன்னு பக்கத்து சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த முறையோட பலவீனமும் அதுதான், மறைக்கலை.

எதைப் பிடிச்சாலும் சீட்டைக் கலைக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும், சீட்டைப் பார்த்தப்புறம் இல்லை. ஒரு நோட்டு போட்டு, மேல முறையோட பேரை எழுதி, கீழ தேதி, கேள்வி, வந்த சீட்டு, நாம சொன்ன பலன் நாலையும் எழுதுங்க. ரெண்டு மாசம் கழிச்சு நடந்ததைப் பக்கத்துல எழுதுங்க. ஐம்பது தடவை ஆனதும் புரட்டிப் பார்த்தா, இந்த முறை உங்க கையில எங்கே உதவுது, எங்கே உதறுதுன்னு தெரியும். நடுவுல முறையை மாத்தினா நோட்டு பழைய பேப்பர்காரனுக்குத்தான்.

கடைசியா கை வேலை ஒண்ணு. புதுக் கட்டுல எல்லாச் சீட்டும் நேராத்தான் இருக்கும். சும்மா கலைச்சா நேராவேதான் வந்துக்கிட்டிருக்கும். கட்டை ரெண்டா வெட்டி ஒரு பாதியைச் சுத்தி வச்சுக் கலைக்கணும், அல்லது தரையில பரப்பி ரெண்டு கையாலயும் துழாவணும். திறக்கும்போது புத்தகப் பக்கம் புரட்டுற மாதிரி பக்கவாட்டுல திருப்புங்க. கீழ் ஓரத்தைப் பிடிச்சு மேல தூக்கித் திருப்பினா நேர்ச் சீட்டு தலைகீழாயிடும். அப்புறம் மதகு அடைச்சிருக்குன்னு அக்காகிட்ட பலன் சொல்லிக்கிட்டிருப்பீங்க, அடைச்சது உங்க கைதான்.

டிஸ்கி: எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, நகை அடகு வைக்கிற முடிவைச் சீட்டு தலையில கட்டாதீங்க. சீட்டு கேள்வியைத்தான் கூர்மையாக்கும், வட்டி கட்டாது.